அடுத்த வரியையும் சேர்த்துப் படியுங்கள்

கேள்வி: நானும் தோழியும் தேவிகுளம் பக்கத்துத் தோட்டங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெண்களைப் பேட்டி கண்டு பாட்காஸ்ட் வெளியிடுகிறோம். ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகும். விஸ்பரில் ஒலியை எழுத்தாக்கி, அதை ஓர் ஏஐ மாடலிடம் கொடுத்து ஷோ நோட்ஸும் அத்தியாயச் சுருக்கமும் எழுதி வாங்குகிறோம். 2015 போராட்டம் பற்றிய பகுதியில், "கேட்டதெல்லாம் கொடுத்தார்கள்" என்று ஓர் அக்கா சொன்னதாக மேற்கோள் வந்துவிட்டது. அதைப் படித்த அவருடைய மகன் சண்டைக்கே வந்துவிட்டார். எழுத்துப்படியில் தேடினால் ஏறக்குறைய அதே சொற்கள் இருக்கின்றன! தப்பு எங்கே நடந்தது? இன்னொன்று, எங்கள் பேச்சில் மலையாளமும் கலந்து வருகிறது. போன மாதம் ஒரு பேட்டி முழுக்க மலையாள எழுத்திலேயே வந்து நின்றது. என்ன செய்வது?
- ஒரு வாசகி, இடுக்கி மாவட்டம்

பதில்: மகன் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய எழுத்துப்படியிலிருந்து அந்த இடத்தை மட்டும் எடுத்து, வரி எண்ணும் நேரமும் பேசியவரும் தெரிகிற மாதிரி கீழே வைக்கிறேன்.

```
211  18:42  அக்கா   எரநூத்தி முப்பத்திரண்டு ரூவாதான் அப்ப கூலி
212  18:47  அக்கா   நாங்க ஐநூறு கேட்டோம் கேட்டதெல்லாம் குடுத்தாங்க
213  18:53  அக்கா   அப்டின்னு டீவில சொன்னாங்க எங்க குடுத்தாங்க
214  18:58  பேட்டி   போனஸ் மட்டும்தான் வந்துச்சா
215  19:00  அக்கா   ஆமா அதுதான் மொதல்ல வந்துச்சு
```

212-ஐ மட்டும் படித்தால் கேட்டது கிடைத்துவிட்டது. 213-ஐயும் சேர்த்துப் படித்தால் கிடைக்கவில்லை. விஸ்பர் வரி பிரிப்பது பேச்சின் இடைவெளியையும் நேரத்தையும் வைத்துத்தான். வாக்கியம் முடிந்ததா என்று அது காத்திருப்பதில்லை. நம் பேச்சிலோ "என்று சொன்னார்கள்", "ஆம்", "இல்லை", "எங்கே" எல்லாம் கடைசியில்தான் வந்து நிற்கும். வரி நடுவில் வெட்டுப்பட்டால் வினை ஒரு பக்கமும் அதன் மறுப்பு இன்னொரு பக்கமும் போய்விடுகிறது. மாடல் 212-ஐ எடுத்தது, "குடுத்தாங்க" என்பதை "கொடுத்தார்கள்" என்று துவைத்து மடித்து மேற்கோள் குறிக்குள் வைத்தது. அக்கா குத்தலாகச் சொன்னது அவருடைய சாட்சியமாகவே ஆகிவிட்டது.

நடந்ததும் அவர் சொன்னதோடுதான் ஒத்துப்போகிறது. 2015 செப்டம்பரில் மூணாறில் பெம்பிளை ஒருமை பெண்கள் போராடியபோது நாள்கூலி 232 ரூபாய், கேட்டது 500. 20 சதவீதமாக இருந்த போனஸை 10 சதவீதமாகக் குறைத்ததுதான் தீ பற்றிய இடம். ஒப்பந்தத்தில் போனஸ் 8.33 சதவீதமும் கருணைத் தொகை 11.67 சதவீதமுமாகச் சேர்த்து 20 வந்தது. கூலிப் பேச்சு தள்ளிப்போய், அக்டோபரில் 301 ரூபாய் என்று முடிவானது. இந்த எண்கள் தெரிந்த ஒருவர் சுருக்கத்தை ஒருமுறை பார்த்திருந்தாலே "கேட்டதெல்லாம்" என்ற சொல் உறுத்தியிருக்கும்.

இனி வழிக்கு வருகிறேன். மேற்கோளைத் தட்டச்சு செய்யும் வேலையை மாடலிடம் கொடுக்கவே கூடாது. எண் போட்ட எழுத்துப்படியைக் கொடுத்து, அத்தியாயம் எந்த வரியில் தொடங்கி எந்த வரியில் முடிகிறது, மேற்கோளுக்குத் தகுந்த வரிகள் எவை என்று எண்களை மட்டும் கேளுங்கள். "212 முதல் 213 வரை" என்று அது சொல்லட்டும். சொற்களை அந்த எண்ணை வைத்து எழுத்துப்படியிலிருந்து நீங்களோ ஒரு சின்ன ஸ்கிரிப்டோ எடுத்து ஒட்டுங்கள். சுருக்கத்தை அது தன் சொந்த நடையில் எழுதலாம், ஆனால் அதற்குள் மேற்கோள் குறியே வரக்கூடாது. ஒவ்வொரு வாக்கியத்தின் பின்னாலும் ஆதார வரி எண் இருக்க வேண்டும். வெளியிடும்போது எண்களை எடுத்துவிடலாம். எண் போட முடியாத வாக்கியம் வந்தால் அது மாடல் கற்பனை செய்தது, அடித்துவிடுங்கள்.

இப்படிச் செய்த பிறகும் உங்கள் அக்காவுக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரலாம். 212 மட்டும் என்று மாடல் சொல்லிவிட்டால், ஒட்டிய சொற்கள் எழுத்துக்கு எழுத்து சரியாகவும் பொருள் தலைகீழாகவும் இருக்கும். அதனால் மேற்கோளாக எடுக்கும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு வரி, பின்னால் இரண்டு வரி சேர்த்துத் திரையில் காட்டச் செய்யுங்கள். "ன்னு", "அப்டின்னு", "இல்ல", "எங்க" என்று தொடங்கும் வரி பின்னால் வந்தால் அதையும் சேர்க்காமல் மேற்கோள் கிடையாது. இந்த ஒரு விதியை மட்டும் வைத்திருந்தாலே மகன் வீட்டு வாசலுக்கு வந்திருக்க மாட்டார்.

214, 215-ஐயும் பாருங்கள். "போனஸ் மட்டும்தான் வந்துச்சு என்கிறார் அவர்" என்று உங்கள் சுருக்கத்தில் இருக்கிறது. "மட்டும்தான்" என்பது கேட்டவர் வாயில் வந்த சொல். அக்கா சொன்னது "மொதல்ல" வந்தது என்று. பேட்டி எடுப்பவர் நீளமாகக் கேட்டு, எதிரில் இருப்பவர் "ஆமாங்க" என்று முடிக்கும்போது இது அடிக்கடி நடக்கும். "ஆமா"வை மேற்கோள் ஆக்கக் கூடாது, கேள்வியைச் சேர்த்துச் சுருக்கத்தில் சொல்லலாம், அவ்வளவுதான். யார் பேசியது என்பதை விஸ்பர் தானாகப் பிரிக்காது. அதற்கென்று தனி மென்பொருள்கள் உண்டு, ஆனால் லயத்துத் திண்ணையில் இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் பேசினால் அவையும் தடுமாறும். ஆளுக்கொரு மைக் வைத்து இரண்டு தனித் தடங்களாகப் பதிவு செய்து, தனித்தனியாக எழுத்தாக்கி, நேரத்தை வைத்து இணைப்பதுதான் செலவு குறைந்த வழி.

மலையாள எழுத்து வந்த கதைக்குக் காரணம் எளிது. மொழியை நீங்கள் குறிப்பிடாவிட்டால், விஸ்பர் முதல் 30 வினாடியைக் கேட்டு முடிவு செய்து, அதையே முழுப் பதிவுக்கும் வைத்துக்கொள்ளும். நீங்கள் மலையாளத்தில் வரவேற்புச் சொல்லித் தொடங்கியிருப்பீர்கள். கட்டளையில் மொழியைச் சொல்லிவிடுங்கள்.

```
whisper petti.wav --model large-v3 --language ta \
  --word_timestamps True --output_format json \
  --initial_prompt "கொழுந்து, லயம், கங்காணி, பெட்டிமுடி"
```

கடைசி வரியில் இருப்பது தோட்டத்துச் சொற்கள். அவை இல்லாவிட்டால் "கொழுந்து எடுக்கப் போனோம்" என்பது "குழந்தை எடுக்கப் போனோம்" ஆகவும், "லயத்துல" என்பது "ஆலயத்தில்" ஆகவும் மாற வாய்ப்பு உண்டு. பட்டியல் நீளமாக இருக்கக் கூடாது. இடம் குறைவு, தமிழ்ச் சொற்கள் அந்த இடத்தைச் சீக்கிரம் தின்றுவிடும். பதிவின் தொடக்கத்தில் இருக்கும் உதவி போகப் போகக் குறையும் என்பதால் பின்பாதியில் கண் வைத்திருங்கள். தமிழ் என்று சொல்லிவிட்டால் நடுவில் வரும் மலையாள வாக்கியம் தமிழ் எழுத்தில் சிதைந்து வரும். அந்த வரிகளை மேற்கோளுக்கு எடுக்காதீர்கள், எடுத்தே ஆகவேண்டுமென்றால் காதால் கேட்டுக் கையால் எழுதுங்கள்.

மேற்கோள் எழுத்துப்படியில் உள்ளபடி இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் வைத்துச் சரிபார்க்கிறீர்கள் என்றால், தமிழுக்கே உரிய ஒரு குழி இருக்கிறது. நிறுத்தக் குறிகளை நீக்க இணையத்தில் எல்லாரும் தரும் வரி `re.sub(r"[^\w\s]", "", s)`. பைத்தானில் இது கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் சேர்த்து அழித்துவிடும். "கொடுத்தான்" என்பதும் "கொடுத்தேன்" என்பதும் "கடததன" ஆகி, இரண்டும் ஒன்றே என்று சொல்லும். கொடுத்தது யார் என்பதே அங்கே மாறிப்போகிறது. இதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்.

```python
import unicodedata as u

def norm(s):
    s = u.normalize("NFC", s)
    s = "".join(c for c in s
                if u.category(c)[0] in "LMN" or c.isspace())
    return " ".join(s.split())
```

`NFC` எதற்கு என்றால், "கொ" என்ற எழுத்தின் குறியைக் கணினியில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், "ெ", "ா" என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒப்பிடும்போது பொருந்தாது. `transcript`-இல் வரி எண், நேரம், பேசியவர் பெயர் இல்லாமல் பேசிய சொற்களை மட்டும் வையுங்கள். `norm(quote) in norm(transcript)` என்பது `False` என்று வந்தால் மேற்கோளை நீக்குங்கள். `True` என்று வந்தாலும் அது எழுத்துப்படியோடு பொருந்துகிறது என்று மட்டும்தான் அர்த்தம். விஸ்பர் திக்கலையும் திரும்பச் சொன்னதையும் தானாகவே விட்டுவிடும். தகரக் கூரையில் மழை அடிக்கும்போதோ பாட்டு ஓடும்போதோ யாரும் பேசாத வாக்கியத்தையே எழுதி வைக்கும். ஒரே தொடர் வரிசையாகத் திரும்பத் திரும்ப வந்தால் அது அந்த நோய்தான். ஆகவே வெளியிடப் போகும் மேற்கோள்களை மட்டுமாவது அந்த நேரத்துக்குப் போய்க் காதால் கேளுங்கள். ஒரு பேட்டிக்கு ஐந்தாறு மேற்கோள் என்றால் பத்து நிமிட வேலை.

அத்தியாய நேரத்தைப் பற்றி ஒன்று. தொடக்க இசையைப் பிறகு ஒட்டினால் எல்லா நேரமும் அந்த அளவு தள்ளிப்போகும், அதனால் இறுதிக் கோப்பையே எழுத்தாக்குங்கள், தனித் தடங்களை எழுத்தாக்கியிருந்தால் அந்த அளவை எல்லா நேரத்தோடும் கூட்டிக்கொள்ளுங்கள். யூட்யூபிலும் போடுகிறீர்கள் என்றால் முதல் அத்தியாயம் `0:00`-இல் தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 10 வினாடியாவது நீள வேண்டும்.

பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். குறிக்குள் மாற்றக் கூடாது என்பது என் கட்சி. "குடுத்தாங்க" என்பதில் யாருக்கும் புரியாதது ஒன்றும் இல்லை. உங்கள் அந்தப் பகுதியை நான் இப்படித் திருத்துவேன்:

18:42 கூலியும் போனஸும். 232 ரூபாய் கூலி இருந்த காலத்தில் 500 கேட்டதை நினைவுகூர்கிறார். "கேட்டதெல்லாம் குடுத்தாங்க அப்டின்னு டீவில சொன்னாங்க. எங்க குடுத்தாங்க?" முதலில் வந்தது போனஸ் என்கிறார். (கூலி 301 ரூபாயானது 2015 அக்டோபரில். இது எங்கள் குறிப்பு.)

பழைய பதிப்பைச் சத்தமில்லாமல் மாற்ற வேண்டாம். மேற்கோள் திருத்தப்பட்டது என்று தேதியோடு ஒரு வரி போட்டு, அந்த இணைப்பை அக்காவின் மகனுக்கும் அனுப்பிவிடுங்கள்.