நியூட்ரல் கம்பி தளர்ந்தால் என்ன ஆகும்?

ஓர் அறையில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டதும் விளக்கு சற்று மங்கினால் அதில் வியப்பில்லை. மிகுந்த மின்னோட்டம் பாயும்போது கம்பிகளில் கொஞ்சம் மின்னழுத்தம் வீணாகிறது. ஆனால் இஸ்திரிப் பெட்டியைப் போட்டதும் அடுத்த அறை விளக்கின் ஒளி கூடினால்? அது நல்ல அறிகுறி அன்று. மும்முனை மின் இணைப்பு உள்ள வீட்டில் இப்படி நேர்ந்தால், சர்வீஸ் ஒயர் மீட்டர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் நியூட்ரல் கம்பி தளர்ந்திருக்கக்கூடும். அதை உடனே கவனிக்காவிட்டால் தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி எல்லாம் ஒரே நாளில் பழுதாகிவிடலாம்.

இது எப்படி நிகழ்கிறது என்பதை முதலில் ஓர் எளிய சோதனையால் காண்போம். இதற்கு வீட்டு மின்சாரத்தைத் தொடவே வேண்டாம். 1.5 வோல்ட் டார்ச் செல்கள் இரண்டும், 2.5 வோல்ட் டார்ச் பல்புகள் நான்கும் போதும்.

இரு செல்களையும் தொடராக இணையுங்கள். மேல் முனையிலிருந்து ஒரு கம்பி, கீழ் முனையிலிருந்து ஒரு கம்பி, இரண்டு செல்களும் சந்திக்கும் இடத்திலிருந்து ஒரு நடுக்கம்பி என மூன்று கம்பிகளை எடுங்கள். மேல் கம்பிக்கும் நடுக்கம்பிக்கும் இடையே ஒரே ஒரு பல்பை இணையுங்கள். நடுக்கம்பிக்கும் கீழ்க் கம்பிக்கும் இடையே மீதி மூன்று பல்புகளைப் பக்க இணைப்பில் இணையுங்கள். இப்போது நான்கு பல்புகளும் ஒரே அளவாக எரியும். ஒவ்வொன்றுக்கும் 1.5 வோல்ட் கிடைக்கிறது அல்லவா?

இனி, செல்கள் சந்திக்கும் இடத்திலிருந்து நடுக்கம்பியை எடுத்துவிடுங்கள். பல்புகளுக்கிடையே உள்ள இணைப்பு அப்படியே இருக்கட்டும். தனிப் பல்பு பளிச்சென்று எரியும். மற்ற மூன்றும் மங்கிவிடும். காரணம் எளிது. நடுக்கம்பி போனதும், தனிப் பல்பும் மூன்று பல்புக் கூட்டமும் 3 வோல்ட்டின் குறுக்கே தொடரிணைப்பில் வந்துவிட்டன. தொடரிணைப்பில் தடை அதிகமுள்ள பகுதிக்கே மின்னழுத்தத்தின் பெரும்பங்கு சேரும். மூன்று பல்புக் கூட்டத்தின் தடை, தனிப் பல்பின் தடையில் மூன்றில் ஒரு பங்குதான். எனவே தனிப் பல்புக்கு ஏறத்தாழ 2.25 வோல்ட், மற்றவற்றுக்கு 0.75 வோல்ட். சூடேறிய இழையின் தடை கூடுவதால் உண்மையில் வேறுபாடு இன்னும் சற்று அதிகமாகவே இருக்கும்.

நம் மும்முனை இணைப்பில் நியூட்ரல் கம்பியின் வேலை இந்த நடுக்கம்பியின் வேலையே. ஒவ்வொரு ஃபேஸ் கம்பிக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 230 வோல்ட் இருக்கிறது. ஆனால் இரு ஃபேஸ் கம்பிகளுக்கிடையே சுமார் 400 வோல்ட் உண்டு. 460 ஏன் இல்லை என்று கேட்பீர்கள். ஃபேஸ்களின் மின்னழுத்த அலைகள் ஒரே சமயத்தில் உச்சத்தை எட்டுவதில்லை. ஆகையால் அவற்றை நேராகக் கூட்டவோ கழிக்கவோ முடியாது.

ஒரு வீட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். முதல் ஃபேஸில் 100 வாட் குண்டு பல்பு ஒன்று எரிகிறது. இரண்டாம் ஃபேஸில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஓடுகிறது. மூன்றாம் ஃபேஸில் அப்போது எதுவும் இல்லை. 230 வோல்ட்டில் பல்பின் தடை 529 ஓம்; இஸ்திரிப் பெட்டியின் தடை 52.9 ஓம். நியூட்ரல் மெயினில் அறுந்துவிட்டால் இவ்விரண்டும் 400 வோல்ட்டின் குறுக்கே தொடரிணைப்பில் வந்துவிடும்.

மொத்தத் தடை = 529 + 52.9 = 581.9 ஓம்
மின்னோட்டம் = 400 ÷ 581.9 = 0.69 ஆம்பியர்
பல்புக்குக் கிடைப்பது = சுமார் 364 வோல்ட்
இஸ்திரிப் பெட்டிக்குக் கிடைப்பது = சுமார் 36 வோல்ட்

இஸ்திரிப் பெட்டி சூடேறாது; பல்போ கண்ணைக் கூசவைத்துச் சிறிது நேரத்தில் இழை அறுந்துபோகும். அந்த இடத்தில் பல்புக்குப் பதிலாகத் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தால் அதன் கதியும் அதுவே. குறைந்த மின்சாரம் எடுக்கும் கருவிகளே, அதாவது தடை மிகுந்தவையே, இங்கு முதலில் பலியாகின்றன.

மின்னோட்டத்தை மறுபடி பாருங்கள். 0.69 ஆம்பியர்தான்! ஃபியூஸ் உருகுவது மின்னோட்டம் மிகும்போது மட்டுமே. இங்கே மிகுந்திருப்பது மின்னழுத்தம். ஆகவே கருவிகள் எரிந்துபோகும் வரை ஃபியூஸ் பேசாமல் இருக்கும். நியூட்ரல் கம்பியில் ஃபியூஸ் வைக்காததற்கும் இதுவே காரணம்: அந்த ஃபியூஸ் உருகினால் நாமே நியூட்ரலை அறுத்ததாகிவிடும்.

நல்ல கம்பி ஏன் தளர்கிறது? சர்வீஸ் ஒயர் பெரும்பாலும் அலுமினியம். காற்றுப்பட்ட அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் படிகிறது. அதில் மின்சாரம் எளிதில் பாயாது. மின்னோட்டம் கூடும்போது இணைப்பு சூடாகி விரிவதும், பிறகு ஆறிச் சுருங்குவதும் நாள்தோறும் நடக்க, திருகின் பிடி தளர்கிறது. இணைப்பில் 1 ஓம் தடை ஏற்பட்டுவிட்டால், 5 ஆம்பியர் பாயும்போது அங்கே 25 வாட் வெப்பம் உண்டாகும். நகக்கண் அளவு இடத்தில் இவ்வளவு வெப்பம் என்றால் இணைப்பு மேலும் கருகும். தடை மேலும் கூடும். இதனால்தான் கோளாறு முதலில் எப்போதாவது தலைகாட்டி, நாளாக ஆக அடிக்கடி வருகிறது. மூன்று ஃபேஸ்களிலும் சுமை சமமாக இருக்கும் நேரத்தில் நியூட்ரலில் ஏறக்குறைய மின்னோட்டமே இராது. அப்போது கோளாறு வெளியே தெரியாது.

இதை அறிவது எப்படி? ஒரு பெரிய கருவியைப் போடும்போது சில அறைகளில் ஒளி கூடி, வேறு அறைகளில் குறையும். மின்விசிறி சில வேளை வழக்கத்தைவிட வேகமாகச் சுழலும். எல்லா அறைகளிலும் ஒளி ஒன்றாகக் குறைந்தால் அது வேறு கோளாறு. எல்.இ.டி. விளக்குகளை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவற்றில் பல, மின்னழுத்தம் மாறினாலும் ஒரே ஒளியைத் தந்துகொண்டிருந்து, தாங்க முடியாத நிலையில் திடீரென்று பழுதாகும்.

ஐயம் எழுந்தவுடன் வீட்டுப் பெரியவரிடம் சொல்லி மெயின் சுவிட்சை அணைக்கச் செய்யுங்கள்; பிறகு மின்வாரியத்துக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். மீட்டர் பெட்டியை நீங்கள் திறக்கக் கூடாது. நியூட்ரலைத் தொட்டால் ஒன்றும் ஆகாது என்று சிலர் எண்ணுகிறார்கள். மேலே கண்ட வீட்டில், உள்ளே ஓடும் நியூட்ரல் கம்பிக்கும் தரைக்கும் இடையே சுமார் 200 வோல்ட் இருக்கும்! தெருக் கம்பத்திலேயே நியூட்ரல் அறுந்தால், வெவ்வேறு ஃபேஸில் உள்ள ஒருமுனை வீடுகளும் இதேபோல் ஒன்றோடொன்று தொடரிணைப்பில் சிக்கிக்கொள்ளும்.

நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே வீட்டில், பல்பு உள்ள ஃபேஸில் இன்னொரு 1000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் போட்டால் பல்புக்கு எத்தனை வோல்ட் கிடைக்கும்? 190 வோல்ட் அளவில் விடை வந்தால் சரி. 364 வோல்ட்டில் கூசிய பல்பு இப்போது மங்கலாக எரியும். விளக்கின் ஒளி அடுத்த அறைக் கருவியைப் பொறுத்து ஏறி இறங்குவது ஏன் என்பது இப்போது விளங்குகிறதா?