கறுப்பு கூடினால் காப்பு கூடுமா?

கேள்வி: ஊட்டிக்குத் தினமும் ஜீப் ஓட்டுகிறேன். ரோட்டோரக் கடையில் ‘UV400, போலரைஸ்டு’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய கூலிங் கிளாஸ் விற்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
– வாசகர், சோலூர்

பதில்: ஸ்டிக்கரை நம்பாதீர்கள், சோதித்துப் பாருங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். மேகமூட்டமும் அதை முழுதாகத் தடுக்காது. அதனால் உங்கள் மலைக்கு UV400 கட்டாயம். 400 நானோமீட்டர் வரையிலான கதிர்களை அது தடுக்கும். நிறத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. காப்பில்லாத கறுப்புக் கண்ணாடி இன்னும் மோசம்: இருட்டில் கண்மணி விரிந்து, கூடுதல் கதிரை உள்ளே விடும்.

போலரைஸ்டு என்பது ஈரச் சாலையின் கூசலை வெட்டுவது மட்டுமே. கண்ணாடி வழியே செல்போன் திரையைப் பார்த்தபடி கண்ணாடியை மெல்லச் சுழற்றுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் திரை நன்றாக இருண்டால் அது போலரைஸ்டு. மாற்றமே இல்லையென்றால் பெரும்பாலும் போலி.

புற ஊதாக் காப்பைக் கண்ணால் அறிய முடியாது. ரூபாய் நோட்டு பார்க்கும் விளக்கொளியைக் கண்ணாடி வழியே நோட்டின் எண் மீது பாய்ச்சுங்கள். எண் பளிச்சென்று ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். கண்ணாடிக் கடை மீட்டரில் உறுதிசெய்யுங்கள்.

நிறத்தில், சாம்பல் சிக்னல் நிறங்களை மாற்றாது. பழுப்பு மேடுபள்ளத்தைத் தெளிவாக்கும். மூடுபனி இறங்கினால் எதுவானாலும் கழற்றிவிடுங்கள்.