கட்டண அறிவிப்பு எழுதும் இளம் ஆசிரியருக்கு

பெரியநாயக்கன்பாளையத்தில் மாலைநேரப் பயிற்சி மையம் நடத்திவரும் இளம் ஆசிரியருக்கு,

கட்டணத்தை உயர்த்தும் அறிவிப்பு எழுதப்படுவதற்கு முன்பே அதன் தரம் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. ஏனெனில் கணக்குத் தெளிவாக இல்லாத இடத்தில்தான் சொற்கள் சுற்றி வளைக்கத் தொடங்குகின்றன. எடுத்துக்காட்டாக, 40 மாணவர்களைக் கொண்டு, ஆண்டுக்கு ரூ.12,000 கட்டணம் பெறும் ஒரு மையத்தைக் கொள்ளலாம். வாடகை மாதத்திற்கு ரூ.2,000 கூடினால் ஆண்டுக்கு ரூ.24,000 ஆகும், பகுதிநேர ஆசிரியர் இருவருக்கு மாதம் தலா ரூ.1,500 ஊதியம் கூட்டினால் ரூ.36,000 ஆகும், மின்சாரம், தேர்வுத்தாள் அச்சு முதலியவற்றுக்கு ரூ.12,000 சேர்த்தால் மொத்தக் கூடுதல் செலவு ரூ.72,000 என வரும். இதை 40 பேருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு ரூ.1,800, ஆகவே புதிய கட்டணம் ரூ.13,800.

ஆனால் இந்த வகுத்தல் 40 பேரும் தொடர்வார்கள் என்ற எண்ணத்தின்மேல் நிற்கிறது. நால்வர் விலகினால் 36 பேரிடமிருந்து வருவது ரூ.4,96,800, பழைய வருவாயான ரூ.4,80,000-ஐ விட அது ரூ.16,800 மட்டுமே அதிகம். அறுவர் விலகினாலோ வருவாய் ரூ.4,69,200 ஆகி, உயர்த்துவதற்கு முன்பிருந்த நிலைக்கும் கீழே இறங்கிவிடுகிறது. எனவே இத்தகைய சிறு மையத்தில் உயர்வின் அளவைக் காட்டிலும், அதைச் செலுத்தும் வழி குடும்பத்தின் கைக்கு எட்டுமா என்பதே முதன்மையான கேள்வியாகிறது.

அதற்கு விடை காண வேண்டுமானால் இவ்வூரில் பணம் எந்த நாளில் வீட்டுக்கு வருகிறது என்பதை அறிய வேண்டும். மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டிய ஆலைகளிலும் இயந்திரத் தொழிற்சாலைகளிலும் மாதச் சம்பளம் பெறுவோர் ஒரு வகையினர். பட்டறைகளில் சனிக்கிழமைதோறும் வாரக்கூலி பெறுவோர் மற்றொரு வகையினர். மாதச் சம்பளத்திற்குச் சட்டம் வகுத்த கெடு, அடுத்த மாதம் 7-ஆம் தேதி என்பதாகும். ஆகையால் 1-ஆம் தேதியைக் கடைசி நாளாக அச்சிடும் மையம், சம்பளம் வராத நாளில் பணம் கேட்கிறது; பிறகு, வந்த நாளில் செலுத்தியவரைத் தாமதித்தவர் என்று பதிவேட்டில் குறிக்கிறது. 15-ஆம் தேதி என்று மாற்றினாலே பாதி நிலுவை காணாமற்போகக் கூடும்.

தேதியைப் போலவே மாதமும் கருதத்தக்கது. ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணம், சீருடை, நோட்டுப் புத்தகம் ஆகியவை ஒன்றாக வந்து சேர்வதால் அம்மாதத் தவணை சிறிதாக இருத்தல் நலம். தீபாவளியையொட்டிப் போனஸ், அதாவது சட்டப்படி தகுதியுள்ள தொழிலாளருக்கு, போனஸுக்குக் கணக்கிடப்படும் ஆண்டு ஊதியத்தில் குறைந்தது 8.33 விழுக்காடு என்ற தொகை, கைக்கு வருவதால், அதற்குப் பிந்தைய தவணை சற்றுப் பெரிதாக இருக்கலாம். ஆயினும் அத்தவணையின் அளவு ஏப்ரலிலேயே தெரிவிக்கப்பட்டிருந்தால்தான் குடும்பம் அதற்கென ஒரு பங்கை எடுத்துவைக்கும். ஜனவரி பொங்கல் செலவுக்குரியது. மூன்றாம் தவணையைப் பிப்ரவரிக்குத் தள்ளுவதே பொருந்தும். இவ்வாறு 4,200, 5,400, 4,200 என்று மூன்று தவணைகள் அமைகின்றன.

இந்த அமைப்பு மையத்தின்மேல் ஒரு சுமையை ஏற்றுகிறது என்பதை மறந்துவிடலாகாது. ஜூனில் ரூ.4,200 செலுத்திய மாணவர் அக்டோபர் இறுதிக்குள், பத்து மாத வகுப்பில் ஐந்து மாதங்களை, அதாவது ரூ.6,900 பெறுமான கல்வியைப் பெற்றிருப்பார், ஆகவே ரூ.2,700 மையம் கொடுத்த கடனாக நிற்கிறது. இருபது பேர் இவ்வழியைத் தேர்ந்தால் அது ரூ.54,000. இத்தொகையை ஈடுகட்டவே, ஒரே தடவையில் செலுத்துவோருக்கு ரூ.600 சலுகை தரப்படுகிறது. எட்டுப் பேர் முழுத்தொகையான ரூ.13,200-ஐ ஜூனிலேயே கட்டினால் ரூ.1,05,600 கைக்கு வரும். அந்தச் சலுகைக்காக இழக்கும் ரூ.4,800-ஐயும் முதற்கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளாத மையம், ஆண்டு முடிவில் பணம் எங்கே போயிற்று என்று தேட நேரிடும்.

கட்டணத்தை ஆண்டின் நடுவில் உயர்த்தலாமா என்ற கேள்விக்கு ஒன்றிய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட பயிற்சி மைய வழிகாட்டு நெறிகள் தெளிவான விடை தருகின்றன: சேர்க்கையின்போது கூறிய கட்டணத்தை அப்பயிற்சிக் காலம் முடியும்வரை உயர்த்தக் கூடாது, முழுத்தொகை கட்டியவர் இடையில் விலகினால் எஞ்சிய காலத்துக்குரிய பங்கைப் பத்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அந்நெறிகள் 50-க்கு மேற்பட்ட மாணவர் உள்ள மையங்களையே வரையறைக்குள் கொள்கின்றன என்றாலும், 40 பேர் உள்ள மையம் இவ்விரண்டையும் தானே ஏற்று எழுத்தில் தருவது முறையாகும். ஜிஎஸ்டி வரியைப் பொறுத்தவரை, ஆண்டு வருவாய் ரூ.20 லட்சத்தைத் தாண்டாத மையம் பதிவு செய்யக் கடமைப்பட்டதன்று. பதிவு செய்யாதவர் ஜிஎஸ்டி என்ற பெயரில் தனியே தொகை வாங்கவும் கூடாது.

இனி, அறிவிப்பின் வடிவம் ஏறத்தாழ இவ்வாறு அமையலாம்:

"பெற்றோர் அவர்களுக்கு வணக்கம். வரும் ஜூன் முதல் ஆண்டுக் கட்டணம் ரூ.12,000-லிருந்து ரூ.13,800 ஆக உயர்கிறது. இந்த ஆண்டு படிக்கும் மாணவருக்கு இவ்வாண்டு முடியும்வரை பழைய கட்டணமே. வாடகையும் ஆசிரியர் ஊதியமும் கூடியதே காரணம். செலுத்தும் வழிகள்: (1) ஜூன் 15-க்குள் ஒரே தடவையில் ரூ.13,200. (2) மூன்று தவணை: ஜூன் 15 ரூ.4,200, நவம்பர் 15 ரூ.5,400, பிப்ரவரி 15 ரூ.4,200, மொத்தம் ரூ.13,800. (3) ஜூன் முதல் மார்ச் வரை மாதம் ரூ.1,380; மொத்தம் ரூ.13,800. வேறு கட்டணம் எதுவும் இல்லை. எல்லாத் தொகைக்கும் ரசீது தரப்படும். இடையில் விலகினால், முன்கூட்டிக் கட்டிய தொகையில் எஞ்சிய மாதங்களுக்குரியது பத்து நாளுக்குள் திருப்பித் தரப்படும். தேதி தள்ளிப்போகும் என்றால் முன்னதாக ஒரு வார்த்தை தெரிவித்தால் போதும்."

இதில் விழுக்காடு இல்லை; "சிறிய மாற்றம்" என்ற சொல்லும் இல்லை. 15 விழுக்காடு என்று எழுதினால் பெற்றோர் தாமே கணக்குப் போட வேண்டும். அவர்கள் தேடுவது ரூபாயைத்தான். ஒவ்வொரு வழிக்கும் எதிரே மொத்தத் தொகை நிற்பதும் அதே காரணத்தால்தான்: மாதம் ரூ.1,500 என்று மட்டும் எழுதினால் பத்து மாதத்தில் ரூ.15,000 ஆவதை முதலில் எவரும் காணார். நடுவில் கண்டுபிடிக்கும் பெற்றோர் பிறகு எந்த எண்ணையும் நம்பார்.

தாமதத்துக்கு அபராதம் என்ற வரி மேற்கண்ட அறிவிப்பில் விடப்பட்டிருப்பதும் எண்ணிச் செய்யப்பட்டதே. தவணை என்ற சொல் இப்பகுதி வீடுகளில் தண்டல்காரரையும் வாரந்தோறும் கட்டும் குழுக்கடனையும் நினைவூட்டக்கூடியது; அபராதம் அதோடு சேர்ந்தால், கட்ட முடியாத வாரத்தில் பெற்றோர் மையத்துக்கு வருவதைத் தவிர்ப்பர், பிள்ளையும் வகுப்புக்கு வராமல் நின்றுவிடும். நிலுவையைப் பற்றிப் பேச வேண்டியது பெற்றோரிடம், தொலைபேசியில், மாலை ஆறு மணிக்குப் பிறகு; வகுப்பில் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒருபோதும் கேட்கலாகாது.