கால் கழுவியாச்சு, கை?

மவுண்ட் ராஸ்கில்,
ஆக்லாந்து.

அன்பு மருமகளே,

நீ அனுப்பிய நாடகப் பிரதியை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதிய ஆங்கில நாடகத்தை, உங்கள் கல்லூரியின் என்.எஸ்.எஸ். முகாமுக்காக வரிக்கு வரி தமிழாக்கியிருக்கிறாய். பொருள் எங்கும் தவறவில்லை. ஆனால் கூட்டம் பதில் குரல் கொடுக்க வேண்டிய இடத்தில் எனக்கே குரல் எழவில்லை.

“கழுவுங்கள், கழுவுங்கள், உங்கள் கைகளை” என்று எழுதியிருக்கிறாய். ஆங்கிலத்தில் ஏவல் முதலில் வந்துவிடும். தமிழில் வினை கடைசியில்தான் வரும், அந்தக் கடைசிச் சொல்லைத்தான் நம் சனங்கள் வாங்கிச் சொல்வார்கள். வில்லுப்பாட்டில் “ஆமா” போடுகிறவரும், “ஐலசா” போடுகிறவர்களும் அடியின் வாலைப் பிடிப்பவர்களே. நடுத்தெருவில் நின்று ஊருக்குப் புது வரியைப் பாடம் சொல்ல நேரம் கிடையாது. ஒரே ஒரு சொல்லை அவர்களுக்கென்று விட்டுவை. பெயரைக் கட்டியக்காரன் சொல்லட்டும், வினையைக் கூட்டம் சொல்லட்டும்:

உள்ளங்கை? – தேய்!
புறங்கை? – தேய்!
விரலிடுக்கு? – தேய்!
கட்டவிரல்? – தேய்!
நகக்கண்ணு? – தேய்!

ஓர் அடிக்கு இரண்டு விநாடி. ஐந்து அடிக்குப் பத்து, இரண்டு சுற்றுக்கு இருபது. சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டிய நேரமும் அதுவே. ஆங்கிலப் பிரதியில் இதற்காகப் பிறந்தநாள் பாட்டை இரண்டு தடவை பாடச் சொல்லியிருந்தது. உனக்கு அது வேண்டாம். பறையடிக்கிறவர் வேகத்தைக் கூட்டினால் இருபது விநாடி பன்னிரண்டாகிவிடும், அதனால் ஒத்திகையில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்.

அடுத்து, டாக்டர் வந்து கிருமியை விளக்கும் காட்சி. அதை எடுத்துவிடு என்பேன். 2011இல் சித்தூர் மாவட்டத்தில், நம் எல்லையை ஒட்டி, ‘சூப்பர் அம்மா’ என்ற பிரசாரத்தை 14 கிராமங்களில் சோதித்தார்கள். அதில் நோயைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. கை கழுவாமல் லட்டு பிடித்துக் கொடுக்கும் ஓர் ஆள் வருவார், பார்க்கிறவர்களுக்குக் குமட்டும். பிள்ளைக்கு நல்ல பழக்கம் சொல்லி வளர்க்கும் அம்மா ஒருத்தியும் வருவாள். முன்பு முக்கியமான நேரங்களில் சோப்புப் போட்டுக் கை கழுவியது நூற்றுக்கு ஒன்றிரண்டு தடவைதான். பிரசாரம் நடந்த கிராமங்களில் ஆறு மாதம் கழித்து அது 37 ஆனது, நடக்காத கிராமங்களில் 6தான். அருவருப்பும் தாய்ப்பாசமும் செய்த வேலை இது. ஆனாலும் பாதிக்கு மேல் விட்டுப்போனது என்பதையும் மனதில் வை. ஒரு நாள் நாடகத்தால் ஊர் மாறிவிடாது.

உன் காட்சியில் கொழுக்கட்டை பிடிக்கும் ஒருவரை வை. இங்கே கூட்டத்தின் பதில் மாற வேண்டும்:

கொல்லைக்குப் போனாரு! – போனாரு!
கால் கழுவி வந்தாரு! – வந்தாரு!
சோப்பு போட்டாரா? – போடல!
கொழுக்கட்டை பிடிச்சாரா? – ...

முதல் இரண்டும் வெறும் எதிரொலி. மூன்றாவதில் அவர்களே கண்ணால் பார்த்ததற்குச் சாட்சி சொல்கிறார்கள். நான்காவதற்குப் பதில் எழுதாதே. “அய்ய!” என்று தானாக வரும். அது வரவில்லையென்றால், அவர் சோப்பைத் தொடாமல் போனது பின்வரிசைக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அந்த நடிப்பைப் பெரிதாக்கு.

நீ எழுதிய ‘கழிப்பறையைப் பயன்படுத்திய பின்’ என்பதை ஊரில் யாரும் சொல்வதில்லை. ‘கால் கழுவிட்டு’ என்றால் எல்லோருக்கும் புரியும், பெண்கள் முன்னால் கூச்சமில்லாமல் சொல்லவும் முடியும். இந்தச் சொல்லிலேயே உன் நாடகம் இருக்கிறது: கால் கழுவியாச்சு, கை? இன்னொன்று, வெறுமனே ‘அவனைக் கை கழுவிட்டேன்’ என்றால் உறவை அறுத்ததாகிவிடும். அதனால் ‘கை கழுவு’ என்று வரும் இடத்திலெல்லாம் சோப்பு என்ற சொல் விடுபடவே கூடாது.

குழாயும் காகிதத் துண்டும் அங்கே எல்லா வீட்டிலும் இருக்காது. செம்பில் ஒருவர் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் கழுவட்டும். அழுக்குக் கையால் செம்பைத் தொட்டு, கழுவிய பிறகும் அதையே தொட்டால் பலனில்லை. இங்கே இருபது விநாடி கழுவு, இருபது விநாடி உலர்த்து என்பார்கள். ஈரக்கையில் கிருமி எளிதாக ஒட்டும், பரவும் என்பதை ஆக்லாந்து ஆய்வாளர்களே 1997இல் காட்டினார்கள். ஆனால் உன் நாடகத்தில் துடைப்பது அழுக்கு முந்தானையாகிவிடக் கூடாது. ‘ஒதறு!’ என்று ஒரு பதில் சேர்த்து, கை தானாக உலரட்டும்.

முதல் பத்து நிமிடம் பிள்ளைகள்தான் கத்துவார்கள். அதைக் கேட்டு ஏமாந்துவிடாதே. உங்கள் குழுவில் இரண்டு பெண்களைப் பெண்கள் பக்கம் முன்னதாகவே உட்கார வை, முதல் ‘தேய்!’ அங்கிருந்து கிளம்பட்டும். முகாமுக்குப் போகுமுன் உன் அப்பத்தாவிடம் ஒரு தடவை நடித்துக் காட்டு. அவர் எந்த இடத்தில் தானாகப் பதில் சொல்கிறார், எந்த இடத்தில் “என்னம்மா சொன்ன?” என்கிறார் என்று குறித்து எனக்கு அனுப்பு. இரண்டாவது பட்டியலில் உள்ள வரிகளை மட்டும் சேர்ந்து திருத்துவோம்.

அன்புடன்,
மாமா