பயணத்துக்கு முன் பெற்றோருக்கு எந்த ஊசி? மருதமுனைக்கு வந்த ஒரு கடிதம்

இம்முறை சுகாதாரப் பாடத்துக்கு ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்கிறோம். ஜித்தாவில் கணவரோடு வாழும் மகள் ஒருவர், மருதமுனையில் தம் குடும்பத்தை நெடுநாளாகப் பார்த்துவரும் வைத்தியருக்கு எழுதியது. எங்கள் குடும்பங்களிலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால், இக்கேள்விகள் நம் வீட்டுக் கேள்விகளே. பெயர்களையும் அடையாளங்களையும் நீக்கியுள்ளோம்.

"டொக்டர் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவும் உம்மாவும் மார்ச் 25ஆம் திகதி இங்கு வருகிறார்கள். மூன்று மாதம் தங்கி, உம்றாவும் செய்வார்கள். வாப்பாவுக்கு 71 வயது, சீனி வருத்தமும் இழுப்பும் உண்டு. உம்மாவுக்கு 66, மூட்டு வாதத்துக்குப் பிரெட்னிசொலோன் குடிக்கிறார். மூளைக்காய்ச்சல் ஊசி போட வேண்டுமாம், மஞ்சள் காய்ச்சல் ஊசியும் வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். பழைய ஊசி அட்டைகள் சுனாமியோடு போய்விட்டன. இங்கு நல்ல ஊசி வாங்கி, ஊருக்கு வருபவர் கையில் அனுப்பட்டுமா?"

கடிதம் கிடைத்தது ஜனவரி 25இல். பயணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது நல்லதாயிற்று. இரண்டு வாரம் இருக்கும்போது வரும் கடிதங்களே அதிகம்.

வைத்தியர் முதலில் 'மூளைக்காய்ச்சல்' என்ற சொல்லைத் தெளிவாக்கினார். நம் ஊர்களில் இச்சொல் இரண்டு நோய்களுக்கு வழங்குகிறது. ஒன்று, நெல்வயல் நீரில் பெருகும் நுளம்பு பன்றியிடமிருந்து மனிதருக்குக் கொண்டுவரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல். பிள்ளைகளுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை கொடுப்பது அதற்கான ஊசி. மற்றது, மெனிஞ்சோகொக்கஸ் என்ற பக்டீரியாவால் மூளையை மூடியுள்ள சவ்வில் வரும் அழற்சி. இது நுளம்பால் அல்ல, இருமல், எச்சில், நெருக்கம் இவற்றால் தொண்டையிலிருந்து தொண்டைக்குப் போகிறது. மக்காவில் கூட்டம் சேர்வதால் சவூதி அரசு கவனிப்பது இந்த இரண்டாவதை. முதலாவதற்குப் போட்ட ஊசி இதற்கு உதவாது. எனவே ஊசி போடும் இடத்தில் 'மெனிஞ்சோகொக்கல் ஏ, சி, டபிள்யூ, வை' என்று நான்கு எழுத்தையும் சொல்லிக் கேட்க வேண்டும்.

நான்கு எழுத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1987 ஹஜ்ஜில் ஏ வகை பரவியபின் ஊசி கட்டாயமாயிற்று. 2000ஆம் ஆண்டு ஊசி போட்டுச் சென்ற யாத்திரிகர்களிடையேயும் நோய் வந்தது. காரணம், அது டபிள்யூ வகை. பலர் போட்டிருந்தது ஏ, சி இரண்டுக்கு மட்டுமே. திரும்பிச் சென்றவர்கள் நோயின்றியே தொண்டையில் கிருமியைச் சுமந்துசெல்ல, வீட்டில் இருந்தவர்களும் நோயுற்றார்கள். அதன்பின் நான்கு வகை ஊசி கேட்கப்படுகிறது. 2024இலும் உம்றா சென்றுவந்தவர்களோடு தொடர்புடைய 12 பேர் அமெரிக்கா, பிரான்ஸ், பிரித்தானியா ஆகிய நாடுகளில் நோயுற்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஊசி போடாதவர்கள்.

2025 தொடக்கத்தில் உம்றாவுக்கு வருவோர் எல்லோரும் சான்றிதழ் காட்ட வேண்டும் என அறிவித்த சவூதி அதிகாரிகள், நடைமுறைக்கு வருமுன்பே அதை நிறுத்திவைத்தார்கள். ஆகவே பயணத்துக்கு முன் அன்றைய விதியை விமான நிறுவனத்திடம் கேட்க வேண்டும். "ஆனால் விமான நிலையத்தில் கேட்கிறார்களோ இல்லையோ, கிருமி விதியைப் பார்ப்பதில்லை. வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் போடுங்கள்" என்று வைத்தியர் எழுதினார்.

சவூதி விதி, வந்து சேர்வதற்குக் குறைந்தது 10 நாள் முன்பு ஊசி போட்டிருக்க வேண்டும் என்பது. உடல் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க அந்த நாட்கள் தேவை. மார்ச் 25இலிருந்து பின்னோக்கி எண்ணினால் மார்ச் 15 கடைசி நாள். ஊசி, கொழும்பு பொரளையிலுள்ள வைத்திய ஆராய்ச்சி நிறுவகத்தில் போடப்படும். இருப்பு உண்டா எனத் தொலைபேசியில் கேட்காமல் இரவு பஸ் ஏறி, வெறுங்கையோடு திரும்பியவர்கள் உண்டு. எனவே பெப்ரவரி 10ஐக் குறித்தார். சான்றிதழில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என அங்கேயே பார்க்க வேண்டும். ஊசியின் வகையையும் எழுதச் சொல்ல வேண்டும். பழைய வகைச் சான்றிதழ் 3 ஆண்டும், புதிய இணைப்பு வகை 5 ஆண்டும் செல்லும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவையில்லை. நாம் சொல்லும் மஞ்சள் காமாலை வேறு. இது ஆபிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் நுளம்பால் வரும் நோய். இலங்கையில் அது இல்லாததால் சவூதி நம்மிடம் சான்றிதழ் கேட்பதில்லை. அறுபது வயதுக்கு மேல் முதன்முறை போடுவோரில் கடும் பக்கவிளைவு சற்று அதிகம். அது உயிருள்ள கிருமியால் ஆனது என்பதால், பிரெட்னிசொலோன் குடிக்கும் உம்மாவுக்கு ஆபத்தும் ஆகலாம். மற்ற ஊசிகளில் உயிருள்ள கிருமி இல்லை. உம்மாவுக்கு அவை கெடுதி செய்யா. பலன் மட்டும் கொஞ்சம் குறையலாம். "அதற்காக மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தச் சொல்லாதீர்கள், மகள். திடீரென நிறுத்தினால் உம்மா மயங்கி விழக்கூடும்."

சளிச்சுரக் காய்ச்சல், அதாவது இன்புளுவென்சா ஊசி, இருவருக்கும் பெப்ரவரி 10 அன்றே மற்றக் கையில் போடலாம். பலன் வர இரண்டு வாரம் ஆகும். ஆண்டுதோறும் போட வேண்டும். நியூமோகொக்கல் ஊசி நிமோனியாவுக்கு எதிரானது. விலை அதிகம். "இருவருக்கும் வேண்டியது. ஒருவருக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் வாப்பாவுக்கு முதலில் போடுங்கள், அவருக்கு இழுப்பு உண்டு" என்றார்.

அட்டை போய்விட்டது என்பது இடம்பெயர்ந்த நம் எல்லோருக்கும் உரிய கேள்வி. உம்மாவுக்குப் பிள்ளைத்தாய்ச்சிக் காலங்களில் ஏற்பு ஊசி போட்டிருப்பார்கள். வயலில் மண்வெட்டி பட்டபோது ஒரு தடவை போட்டதைத் தவிர வாப்பாவுக்கு எதுவும் நினைவில்லை. பதிவு இல்லாதவரைப் போடாதவராகவே கொள்வது வழக்கம். முன்பு போட்டிருந்தாலும் மேலதிக ஊசியால் கை சற்று வீங்கி வலிப்பதே பெரும்பாலும் நேரும். வாப்பாவுக்கு முதல் ஊசி ஜனவரி 27, இரண்டாவது நான்கு வாரம் கழித்து பெப்ரவரி 24, மூன்றாவது ஆறு மாதம் கழித்து ஓகஸ்ட் 24. அப்போது அவர் ஊருக்குத் திரும்பியிருப்பார்.

கையில் ஊசி அனுப்பும் யோசனையை வைத்தியர் முற்றாக மறுத்தார். தடுப்பூசி 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். பயணப் பையில் அது சூடாகும். ஐஸ் கட்டியோடு ஒட்டிவைத்தாலோ, ஏற்பு ஊசி போன்றவை உறைந்து கெடும். உறைந்து உருகிய குப்பியைக் குலுக்கினால் துணிக்கைகள் தெரிந்து, பின் விரைவாக அடியில் படியும். எல்லா ஊசியிலும் அப்படிக் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

கடைசியாக மகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். நான்கு வகை ஊசி பி வகையைத் தடுக்காது. ஆகவே ஜித்தாவில் பெற்றோருக்குக் காய்ச்சலோடு கடும் தலையிடி, கழுத்து விறைப்பு, புத்தி தடுமாற்றம் வந்தால், 'ஊசி போட்டாயிற்றே' என்று விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஊதாப் புள்ளிகள் வந்தால் கண்ணாடிக் குவளையை அழுத்திப் பார்க்க வேண்டும்; அழுத்தியும் மறையாவிட்டால் அந்த நேரமே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நம் நிறத்துத் தோலில் புள்ளிகள் எளிதில் தெரியா. உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம் ஆகியவற்றில் தேட வேண்டும். புள்ளி இல்லை என்பதற்காகவும் காத்திருக்கக் கூடாது.

புதிய அட்டையை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை மகளுக்கு அனுப்பச் சொன்னார். மற்றது கடவுச்சீட்டோடு பொலித்தீன் உறையில் இருக்கிறது.