புதிதாக வந்தவர் தனியாகக் குளோரின் கலக்க ஒரு தாள்

ஊராட்சிகளில் மேல்நிலைத் தொட்டிக்குக் குளோரின் கலப்பவர் பெரும்பாலும் ஒரே ஆள்தான். அவர் விடுப்பில் போனால், யாரோ ஒருவர் அந்த வேலையை ஏற்க வேண்டியிருக்கும். அப்படி வருபவருக்காகத்தான் நான் செயல்முறைக் குறிப்பு எழுதி வருகிறேன். எழுதுவதற்கு முன் விதி நூலைத் திறப்பதில்லை. வழக்கமாகக் கலக்கும் ஆபரேட்டரின் பக்கத்தில் நின்று, அவர் கை செய்வதை எல்லாம் குறித்துக்கொள்வேன். “அண்ணே, எவ்வளவு போடுவீங்க?” என்று கேட்டால், “அது கைக்கே தெரியும் சார், ரெண்டு கை போடுவேன்” என்பார். அவருக்குத் தெரியும். ஆனால் அந்தக் கை அடுத்தவருக்கு இல்லையே.

பொதுவான கணக்கு, 1,000 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். 30,000 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் 120 கிராம். தாளில் ‘120 கிராம்’ என்று மட்டும் எழுதினால், தராசு இல்லாத பம்பு அறையில் அது பயன்படாது. அதனால் ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் 120 கிராமை நிறுத்துப் போட்டு, பவுடர் நிற்கும் இடத்தில் அழியாத மையால் கோடு போட்டுவிடுவேன். பாதித் தொட்டிக்கு 60 கிராம், அதற்கு இன்னொரு கோடு. எந்தக் கோடு என்பதைத் தொட்டியின் மட்டம் காட்டும் அளவுகோலைப் பார்த்து முடிவு செய்யும்படி முதல் வரியிலேயே எழுதுகிறேன். தொட்டி நிறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போடுவதுதான் புதியவர்களிடம் நான் அதிகம் பார்த்தது.

ஆபரேட்டர் யோசிக்காமல் செய்கிற காரியங்கள்தான் குறிப்பில் விட்டுப்போகும். பவுடரை அவர் நேரடியாகத் தொட்டியில் கொட்டுவதில்லை. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும்வரை விட்டுவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுகிறார். படிந்ததைத் தொட்டியில் சேர்ப்பதில்லை. ‘பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றவும்’ என்ற ஒரே வரியில் இதெல்லாம் காணாமல் போகிறது. காரணத்தையும் சுருக்கமாகச் சேர்ப்பேன்: சுண்ணாம்பு தொட்டியின் அடியில் சேரும், குழாயை அடைக்கும். காரணம் தெரிந்தவர், அவசரத்தில்கூட அந்தப் படியைத் தாண்ட மாட்டார். ஊற்றியபின் அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும் என்பதற்கும் அப்படியே: கிருமியைக் கொல்லக் குளோரினுக்கு அந்த நேரம் வேண்டும்.

வேலை சரியாக முடிந்ததா என்று புதியவருக்கு எப்படித் தெரியும்? எனக்கு முக்கியமான பகுதி இதுதான். குழாயின் கடைசி வீட்டில் தண்ணீர் பிடித்து, குளோரோஸ்கோப்பில் மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரம். நிறத்தை உடனே பார்க்க வேண்டும். நேரமானால் வேறு வகைக் குளோரினும் சேர்ந்து நிறம் கூடிவிடும். குழாயில் ஏற்கெனவே நின்றிருந்த பழைய தண்ணீர் போகும்வரை திறந்துவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும் என்பதும் தாளில் இருக்கும்.

நிறம் வராவிட்டால்? பல குறிப்புகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. நான் இப்படி எழுதுகிறேன்: ‘கடைசி வீட்டில் நிறம் இல்லை என்றால், தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் பார். அங்கேயும் இல்லை என்றால் பவுடர் வீரியம் போயிருக்கலாம். ஈரமாகவோ கட்டியாகவோ இருக்கிறதா பார், பிரிக்காத மூட்டையிலிருந்து எடுத்துத் திரும்பக் கல. பக்கத்தில் நிறம் இருந்து கடைசியில் இல்லை என்றால், வழியில் குழாய் உடைந்து அழுக்குத் தண்ணீர் கலந்திருக்கலாம். அளவைக் கூட்டாதே, உடனே ஊராட்சிச் செயலரைக் கூப்பிடு.’ எந்த இடத்தில் தானாகச் செய்யலாம், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது புதியவர் ஊகிக்க வேண்டியதாக இருக்கக் கூடாது.

எச்சரிக்கையைத் தாளின் கடைசியில் வைப்பதில்லை. முகக்கவசமும் கையுறையும் பவுடர் மூட்டையைத் திறக்கும் வரிக்கு முந்தைய வரியில் இருக்கும். கழிப்பறை கழுவும் அமிலம் பட்ட வாளியை எடுக்கக் கூடாது, நச்சுவாயு கிளம்பும் என்பது வாளியை எடுக்கும் வரிக்கு முன்னால்.

எழுதி முடித்ததும், இந்த வேலையே செய்திராத ஒருவரிடம் தாளைக் கொடுத்துவிட்டு, நான் பேசாமல் நிற்பேன். ஆபத்தான இடத்தில் மட்டுமே குறுக்கிடுவேன். அவர் எங்கே என் முகத்தைப் பார்க்கிறாரோ, அங்கே ஒரு வரி குறைகிறது. ஒருமுறை ‘தெளிந்ததும் ஊற்றவும்’ என்ற இடத்தில் ஒருவர் நின்றுவிட்டார். “எவ்வளவு தெளியணும் சார்?” என்றார். ‘மேல் தண்ணீர் வழியே அடியில் படிந்த வெள்ளை தெரியும்வரை’ என்று மாற்றிய பிறகு அடுத்து வந்தவருக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை.

தாளுக்கு நெகிழி உறை போட்டு, பவுடர் வைக்கும் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுகிறோம். பவுடர் வாங்கும் கம்பெனி மாறினால் டம்ளரின் கோட்டைத் திரும்ப நிறுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றைப்போல இன்னொன்று அடர்த்தியாக இருப்பதில்லை. அந்த வரியும், கடைசியாக நிறுத்துப் பார்த்த தேதியும் தாளின் தலைப்பிலேயே இருக்கின்றன.