பொழுது சாய்ந்தால் ‘வீட்டுக்குப் போகணும்’ என்னும் பாட்டி

மறதி நோய் கண்ட பாட்டி, பொழுது சாய்ந்ததும் முந்தானையைச் செருகிக்கொண்டு, “நேரமாச்சு, எங்க வீட்டுக்குப் போகணும்” என்று வாசலுக்கு வருகிறார். “இதுதாம்மா உன் வீடு!” என்று மகன் அதட்டுகிறார். பாட்டி அழுகிறார்; பிள்ளைகள் மிரளுகின்றன.

இது பிடிவாதம் அல்ல. இந்நோயில் பெரும்பாலும் அண்மை நினைவு முதலில் அழியும், பழையது நிற்கும். அவர் தேடுவது பிறந்த வீட்டை. வாதாடினால் நீங்கள் சொன்னது மறந்துபோகும், பயம் மட்டும் தங்கும்.

மருமகள் வேறு விதமாகச் செய்தார். இருட்டுமுன்பே விளக்கைப் போட்டார். நிழலைக் கண்டு மிரளுவது குறைந்தது. பகல் தூக்கத்தை அரை மணியோடு நிறுத்தினார். பாட்டி கிளம்பியதும், “உங்க வீட்டுல மாடு இருந்துச்சா அத்தை?” என்று கேட்டபடி, கீரையை முறத்தில் வைத்து ஆயச் சொன்னார். பேச்சிலேயே பாட்டி அமைதியானார். இது தினமும் பலிக்காது. அன்று கூடவே தெருவில் சிறிது நடந்து திரும்புங்கள்.

ஒன்று கவனியுங்கள். ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் கூடினால், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புது மாத்திரை ஆகியவை காரணமாக இருக்கலாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.